மணிவிழா வீடியோ: ஒன்பது பேர் பேசியும் நான்கே நிமிடத்தில் முடிப்பது எப்படி

குடும்பத்தில் யாருக்காவது மணிவிழா என்றால் பத்திரிகை, மண்டபம், சமையல்காரர் வரிசையில் இப்போது வாழ்த்து வீடியோவும் சேர்ந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கி, "எல்லாரும் அப்பாவை வாழ்த்தி ஒரு வீடியோ அனுப்புங்க" என்று ஒரு வரி போடுகிறார்கள். பதினைந்து கிளிப் வருகிறது. எல்லாவற்றிலும் "எல்லாருக்கும் வணக்கம்", பெயர், ஊர், உறவுமுறை, "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்", கடைசியில் "நூறாண்டு வாழ்க". அப்படியே ஒட்டினால் இருபது நிமிடம் ஓடும். மண்டபத்தில் மூன்றாவது ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதிக் கூட்டம் பந்திக்கு எழுந்துவிடும்.

பேசினவர்கள் மேல் தப்பில்லை. எல்லாரிடமும் ஒரே விஷயத்தைக் கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். பிறகு எடிட்டிங்கில் உட்கார்ந்து எவ்வளவு வெட்டினாலும், பதினைந்து பேர் சொன்ன ஒரே வாக்கியத்தை வேறு வேறு வாக்கியமாக மாற்ற முடியாது. ஆகவே வீடியோ வேலையில் முக்கால் பங்கு, யாரும் கேமராவை எடுப்பதற்கு முன்பு ஒரு தாளில் நடக்கவேண்டியது.

ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அப்பா 1965இல் பிறந்தவர். விசுவாவசு வருடம், அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து 2025 சித்திரையில் அதே விசுவாவசு திரும்பி வந்தது. சொந்த ஊர் மன்னார்குடி, அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். சென்னையில் இருக்கும் மகள் வீடியோவைத் தயாரிக்கிறார். அண்ணன் டொராண்டோவில், சித்தப்பா சிங்கப்பூரில், அத்தை மன்னார்குடியில். பேச ஆசைப்படுபவர்கள் பதினாறு பேர்.

முதலில் நொடிக் கணக்கு

மண்டபத்தில் காட்டும் வீடியோவுக்கு நான்கு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 240 நொடி. தொடக்கத்தில் பழைய புகைப்படமும் தலைப்பும் 10 நொடி. கடைசியில் எல்லாரும் வந்துபோகும் தொடர் ஒன்று வைக்கப்போகிறோம், அதற்கு 30 நொடி. மீதி 200. ஒன்பது பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 22 நொடி.

22 நொடி என்பது எவ்வளவு என்று தெரிய, ஏதாவது ஒரு பத்தியைக் கைபேசியில் டைமர் வைத்துப் பேச்சுவேகத்தில் வாசித்துப் பாருங்கள். நிதானமாகப் பேசுபவருக்கு முப்பது, நாற்பது சொல்லுக்குள் முடிந்துவிடும். ஒரு சின்னச் சம்பவத்துக்கு அது போதும், சம்பவமும் அறிமுகமும் வாழ்த்தும் ஆசீர்வாதமும் எல்லாம் அடங்க அது போதாது. இந்தக் கணக்கு புரிந்துவிட்டால், வணக்கத்தையும் அறிமுகத்தையும் ஏன் வெட்டவேண்டும் என்று யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. பெயரும் உறவும் திரையின் அடியில் எழுத்தாக மூன்று நொடி வந்தால் போதும்: "அத்தை, மன்னார்குடி".

பதினாறில் ஒன்பது பேர்தான் என்றால் மீதி ஏழு பேர் மனசு கோணாதா? கோணும். பெரிய மாமாவை விட்டுவிட்டு பக்கத்து வீட்டுக்காரரைப் பேசவிட்டீர்கள் என்ற பேச்சு பத்து வருடம் ஓடும். அதற்குத்தான் அந்த முப்பது நொடித் தொடர். பேசும் ஒன்பது பேரும் சேர்த்து பதினாறு பேரும் தனியாக ஒரு சின்னக் கிளிப் அனுப்பவேண்டும். அதில் வாழ்த்து மட்டும், ஒரே வரி. ஆளுக்கு இரண்டு நொடிக்கும் குறைவாக வேகமாக வந்துபோவார்கள். வாழ்த்து எல்லாம் அங்கே போய்விடுவதால் மற்ற கிளிப்களில் யாரும் வாழ்த்தவேண்டிய கட்டாயம் இல்லை. சிறியவர்கள் "வணங்குறோம்" என்று சொல்லிக்கொண்டே வர, அவரைவிட மூத்தவர் ஒருவர் "நல்லா இருப்பா" என்று முடித்தால் முறையும் கெடாது.

ஆளுக்கு ஒரு கேள்வி

இனி ஒன்பது பேருக்கும் ஒன்பது வேறு கேள்வி. நல்ல கேள்விக்கு அடையாளம், அதற்குப் பதில் அந்த ஒருவரால் மட்டும்தான் சொல்லமுடியும் என்பது. "அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை" என்பது கேள்வியே இல்லை, அதற்கு "ரொம்ப நல்லவர், எல்லாருக்கும் உதவுவார்" என்றுதான் வரும். "எப்போது", "எந்த", "முதல் தடவை", "கடைசியாக" என்ற சொற்கள் கேள்விக்குள் இருந்தால் பதிலாகச் சம்பவம் வரும்.

நம் குடும்பத்துக்கான தாள் இப்படி இருக்கலாம்:

- அத்தை: சின்ன வயதில் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தாத்தாவிடம் அடி வாங்கியது எப்போது?
- பள்ளித் தோழர்: வீட்டுக்குத் தெரியாமல் இரண்டு பேரும் போன இடம் எது?
- சித்தப்பா, சிங்கப்பூர்: முதல் தடவை விமானம் ஏறும்போது அண்ணன் உங்கள் கையில் என்ன கொடுத்தார்?
- அம்மா: கல்யாணமான முதல் வாரத்தில் அவரைப் பற்றித் தப்பாக நினைத்தது என்ன?
- அலுவலக நண்பர்: கவுண்டரில் அவர் கோபப்பட்டதைப் பார்த்த ஒரு நாள்?
- அண்ணன், டொராண்டோ: அப்பா கற்றுக்கொடுத்ததில் இன்றும் கையால் செய்கிற ஒன்று?
- அண்ணி: மாமனார் உங்களிடம் மட்டும் கேட்கும் ஒன்று?
- சம்பந்தி: பெண் பார்க்க வந்த அன்று அவர் சொன்ன எது மனசில் நின்றது?
- பேத்தி, ஐந்து வயது: தாத்தாவுக்கு எது பிடிக்காது?

சம்பந்திக்குக் கொடுக்கும் கேள்வியில் மட்டும் கொஞ்சம் கவனம். கேலிக்கு இடம் தரும் கேள்வி அத்தைக்குப் பொருந்தும், சம்பந்திக்குப் பொருந்தாது. நோய், கடன், சொத்து, பேசாமல் இருக்கும் உறவு பக்கம் இழுக்கும் கேள்வி யாருக்கும் வேண்டாம். அப்பாவே மேடையில் உட்கார்ந்து, நூறு பேர் முன்னால் இதைப் பார்க்கப் போகிறார்.

வரிசையை வயதுப்படி போடவேண்டும் என்று வீட்டில் ஒருவர் நிச்சயம் சொல்வார். போட்டால் முதல் இரண்டு நிமிடமும் பெரியவர்கள், அடுத்த இரண்டு நிமிடமும் சிறியவர்கள் என்று பிரிந்து நிற்கும். அதைவிட அவருடைய வாழ்க்கை வரிசையே மேல்: ஆற்றங்கரை, பள்ளி, தம்பி, கல்யாணம், அலுவலகம், பிள்ளைகள், பேத்தி. பெரியவர்கள் தானாகவே முன்னால் வந்துவிடுவார்கள், யாருக்கும் மரியாதைக் குறைவில்லை. மேலே உள்ள பட்டியலும் அந்த வரிசைதான். ஆனால் இதைப் பென்சிலில் எழுதுங்கள். கிளிப்கள் வந்தபிறகு எதிர்பாராத இணைப்புகள் தென்படும். எல்லாரும் பைக் வாங்கியபிறகும் அவர் சைக்கிளில்தான் ஆபீஸ் வந்தார் என்று அலுவலக நண்பர் சொல்கிறார், அந்தச் சைக்கிளில்தான் ஓட்டக் கற்றேன் என்று அண்ணன் சொல்கிறார் என்றால், அந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டால் நடுவில் வேறு எதுவும் தேவைப்படாது. அதற்கு மாறாக, ஒரே கதையை இரண்டு பேர் சொல்லிவிட்டால் நன்றாகச் சொன்னவருடையதை வைத்துக்கொண்டு, மற்றவரிடம் வேறு கேள்வி கேட்டு மறுபடி வாங்குங்கள். அதற்கும் நாள் இருக்கவேண்டும்.

அனுப்பவேண்டிய செய்தி

குரூப்பில் போடாதீர்கள். குரூப்பில் ஒருவர் அனுப்பியதைப் பார்த்து அடுத்தவர் அதையே செய்வார். முதல் கிளிப் மூன்று நிமிடம் என்றால் எல்லாமே மூன்று நிமிடம் வரும். அப்பாவும் தவறி அந்தக் குரூப்பில் இருந்துவிடலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவருடைய கேள்வியோடு அனுப்புங்கள். இப்படி:

> சித்தப்பா, அப்பா மணிவிழாவுக்கு ஒரு வீடியோ பண்றோம், அவருக்குத் தெரியாது. உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி: நீங்க முதல் தடவை சிங்கப்பூர் கிளம்பினப்ப அப்பா உங்க கையில என்ன கொடுத்தாங்க? அதை மட்டும் அரை நிமிஷத்துக்குள்ள சொல்லுங்க. வணக்கம், பேரு, வாழ்த்து எதுவும் வேண்டாம், நேரா "நான் கிளம்பினப்ப அண்ணன்..."னு ஆரம்பிச்சிடுங்க.
>
> போனைப் படுக்கவச்சு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து எடுங்க. ஃபேனை நிறுத்திடுங்க. ரெக்கார்ட் அமுக்கிட்டு ரெண்டு நொடி சும்மா இருந்து பேசுங்க, முடிச்சிட்டும் ரெண்டு நொடி சிரிச்சுக்கிட்டு இருங்க.
>
> தனியா இன்னொரு கிளிப்ல "நல்லா இருங்கண்ணா"னு மட்டும் சொல்லி அனுப்புங்க. ரெண்டையும் வாட்ஸ்அப்ல Document-ஆ அனுப்பணும். வர்ற ஞாயிறு ராத்திரி சிங்கப்பூர் நேரம் ஒன்பது மணிக்குள்ள கிடைச்சா நல்லாருக்கும்.

"நான் கிளம்பினப்ப அண்ணன்" என்று தொடக்கத்தை எழுதிக் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் "ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்" என்று பதில் மட்டும் வரும். கேள்வி வீடியோவில் இல்லாததால் பார்ப்பவருக்கு எதற்குக் கொடுத்தார் என்று புரியாது. கேள்வியைப் பதிலுக்குள் இழுத்துவிடுவதுதான் நோக்கம்.

அனுப்பவேண்டிய கடைசி நாளையும் மணியையும் அவரவர் ஊர் நேரத்தில் சொல்லுங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், டொராண்டோ கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிரில் பத்தரை மணி நேரமும் பின்னால். "ஞாயிறு ராத்திரி" என்றால் அண்ணனுக்கு அது நம்முடைய திங்கள் காலை. உண்மையில் உங்களுக்குத் தேவைப்படும் நாளைவிட ஒரு வாரம் முன்னதாகக் கேளுங்கள். இரண்டு பேர் எப்படியும் தாமதிப்பார்கள், ஒருவருடையதைத் திரும்ப எடுக்கவேண்டியிருக்கும்.

எடுக்கும்போது கெடுவது

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் யாரும் கவலைப்படமாட்டார்கள். குரல் கேட்கவில்லை என்றால் மண்டபமே பேசத் தொடங்கிவிடும். கெடுப்பது பெரும்பாலும் சீலிங் ஃபேன், குக்கர் விசில், தொலைக்காட்சி, கேமராவுக்கும் வாய்க்கும் இடையே இருக்கும் தூரம். கைபேசியின் மைக் ஒரு கை நீளத்துக்குள் இருந்தால் போதும். தள்ளி வைத்துத்தான் எடுக்கவேண்டும் என்றால் வயர் உள்ள இயர்போனைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். காலி அறையில் எதிரொலிக்கும். மெத்தை, திரைச்சீலை, துணி அலமாரி உள்ள படுக்கையறையில் குரல் சுத்தமாக விழும்.

எழுதி வைத்து வாசிப்பவர்களுக்குக் கண் இடமிருந்து வலமாக ஓடுவது திரையில் அப்பட்டமாகத் தெரியும், குரலும் அஞ்சல் வழிக் கல்விப் பாடம் மாதிரி ஆகிவிடும். மூன்று சொல்லை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக் கேமராவுக்கு மேலே ஒட்டிவைக்கச் சொல்லலாம். அத்தை மாதிரி கேமராவைப் பார்த்தால் விறைத்துப்போகிறவர்களுக்கு வேறு வழி: கைபேசியை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் அவருக்குப் பிடித்த ஒருவரை உட்காரவைத்து, அவரிடம் கதை சொல்லச் சொல்லுங்கள். பார்வை கேமராவுக்குச் சற்றுப் பக்கத்தில் விழும், பரவாயில்லை. கேட்பவர் மட்டும் "ம்ம்", "அய்யோ" என்று குரல் கொடுக்கக்கூடாது, தலையாட்டினால் போதும். குறுக்கே விழுந்த "ம்ம்" ஐப் பின்னால் எடுக்கவே முடியாது. பேத்தியிடம் கேட்கும்போதும் இதே விதிதான். கேள்வி முடிந்து ஒரு மூச்சு இடைவெளி விட்டுக் குழந்தை பேசவேண்டும். ஐந்து வயதுக்குச் சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தால் கிளிப் செத்துவிடும். நாலைந்து கேள்வி கேட்டுப் பதிவு செய்துகொண்டு, உருப்படியான ஒரு பதிலை எடுத்துக்கொள்வது நல்லது.

Document ஆக அனுப்பச் சொல்வதற்குக் காரணம், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது வீடியோவைச் சுருக்கிவிடும். கைபேசித் திரையில் தெரியாத குறை மண்டபத்தின் பெரிய திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். அண்ணனிடம் ஐபோன் என்றால், அவர் அனுப்பும் கோப்பு சில பழைய கணினிகளில் திறக்காது. எடுப்பதற்கு முன்பே Settings > Camera > Formats போய் Most Compatible என்று வைத்துக்கொள்ளச் சொன்னால் அந்தத் தொல்லை இல்லை. எச்சரித்தும் ஒருவர் செங்குத்தாக எடுத்து அனுப்பத்தான் செய்வார். அதைப் பெரிதாக்கி நெற்றியை வெட்டாமல், இரு பக்கமும் அதே படத்தை மங்கலாக்கி நிரப்பிவிடுங்கள். பெரும்பாலான எடிட்டிங் செயலிகளில் அந்த வசதி இருக்கிறது.

வெட்டுவது

அரை நிமிடம் என்று கேட்டும் அத்தையிடமிருந்து வந்தது இரண்டு நிமிடம் நாற்பது நொடி. வணக்கம், ஊர், தம்பிக்கு அறுபது வயதா என்ற ஆச்சரியம், மொத்தம் ஐந்து பேர் பிறந்தோம் என்ற விவரம், அது எந்த வருடம் என்ற குழப்பம், பக்கத்து வீட்டில் அப்போது யார் குடியிருந்தார்கள் என்ற ஆராய்ச்சி. நடுவில் இது இருக்கிறது:

> பாமணியாத்துல குளிக்கப் போனப்ப என் கொலுசு ஒண்ணு போயிடுச்சு. வீட்டுக்குப் போனா அடி விழும்னு அழுதுட்டு நிக்கிறேன். இவன், ஆறு வயசுப் பய, இன்னொண்ணையும் கழட்டி ஆத்துல போட்டுட்டான். "ஒண்ணு இருந்தாத்தானே ஒண்ணு காணோம்னு தெரியும்"னான். அப்பாகிட்ட ரெண்டு பேருமே வாங்கினோம்.

முப்பது சொல். வீடியோவுக்கு வேண்டியது இவ்வளவுதான். முழுதையும் கேட்டு, வைக்கவேண்டிய வாக்கியங்களைத் தாளில் எழுதிக்கொண்டு அப்புறம் வெட்ட உட்காருங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே வெட்டினால் எல்லாமே நன்றாக இருப்பதாகத் தோன்றி எதையும் விடமுடியாது.

கிளிப் "பாமணியாத்துல" என்ற சொல்லில் தொடங்கட்டும். அதற்கு முன் இருக்கும் மூச்சையும் சேர்த்து வைத்தால் வெட்டியது காதுக்குத் தெரியாது. சொல்லின் வாலை நறுக்கிவிட்டால் உடனே தெரிந்துவிடும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், "போட்டுட்டா" என்று நின்றுபோனால் வாக்கியமே கெட்டுவிடுகிறது. கதை முடிந்து அத்தை சிரிக்கும் ஒரு நொடியை விட்டுவிடாதீர்கள். மண்டபமும் அப்போதுதான் சிரிக்கும், அடுத்தவர் உடனே பேசத் தொடங்கினால் அவருடைய முதல் வரி சிரிப்பில் மூழ்கிவிடும்.

நடுவில் வருடக் குழப்பத்தை வெட்டிய இடத்தில் அத்தையின் தலை சட்டென்று குதிக்கும். அந்த இடத்தில் குரலை ஓடவிட்டு, மேலே ஒரு பழைய புகைப்படத்தை மூன்று நான்கு நொடி வையுங்கள். அண்ணனும் தம்பியும் அக்காவும் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும். குதிப்பும் மறையும், சொன்ன கதைக்கு முகமும் கிடைக்கும். ஆகவே கிளிப்போடு சேர்த்து ஆளுக்கு இரண்டு பழைய படமும் கேட்டு வாங்குங்கள். படத்தை ட்யூப்லைட் பிரதிபலிக்காத இடத்தில், பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுத்து அனுப்பினால் போதும். ஒன்று மட்டும்: வாக்கியங்களை எடுத்து விடலாம், ஆனால் அவர் சொல்லாத பொருள் வரும்படி ஒட்டக்கூடாது. சந்தேகம் வந்தால் அத்தையிடமே காட்டிக் கேட்டுவிடுங்கள்.

ஒருவரிலிருந்து அடுத்தவருக்கு மாறும் இடத்தில் சுழல்வது, இதயம் விரிவது, பக்கம் புரள்வது எதுவும் வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு நொடி தின்னும், ஒன்பது பேருக்கு ஒன்பது நொடி. அத்தையின் சிரிப்புக்கு வேண்டிய இடம் அது. நேராக மாறுங்கள். இன்னும் இழைய வேண்டுமானால், அடுத்தவரின் குரலை அவர் முகம் வருவதற்கு அரை நொடி முன்பே தொடங்கிவிடுங்கள்.

பிறகு ஒலி. ஒருவர் கத்துவார், ஒருவர் முணுமுணுப்பார். கண்ணை மூடிக்கொண்டு முழு வீடியோவையும் ஒருமுறை கேளுங்கள், ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ கை போகிற இடத்தில் எல்லாம் அந்தக் கிளிப்பின் அளவைத் திருத்துங்கள். பேச்சுக்கு அடியில் பாட்டு ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடலாம். வீட்டில் இயர்போனில் இனிமையாக இருப்பது மண்டப ஸ்பீக்கரில் இரைச்சலாகி முதியவர்களின் குரலை விழுங்கிவிடும். தொடக்கத்துப் பத்து நொடிக்கும் கடைசித் தொடருக்கும் நாதஸ்வரமோ வீணையோ இருந்தால் போதும். ஒரு கிளிப்பில் மட்டும் உதடும் குரலும் போகப்போக விலகினால், கைபேசி சீரில்லாத வேகத்தில் படம் எடுத்திருக்கிறது என்று பொருள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் Constant Framerate என்று தேர்ந்தெடுத்து ஒருமுறை மாற்றி எடுத்தால் சரியாகிவிடும்.

முடித்ததும் நேரம் பாருங்கள். அநேகமாக ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்கும். எல்லாரிடமும் இரண்டு இரண்டு நொடி கிள்ளாதீர்கள், எல்லாமே மூச்சுமுட்டும். ஒவ்வொருவரின் கிளிப்பிலும் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள்: "அப்படிப்பட்டவர்தான் எங்க அண்ணன்", "இதை நான் மறக்கவே மாட்டேன்" என்று, சொன்ன கதைக்கு உரை எழுதும் வாக்கியமாக இருக்கும். அதை எடுத்துவிட்டால் கதை கதையாகவே நிற்கும். பெரும்பாலும் அதிலேயே நான்கு நிமிடத்துக்கு வந்துவிடலாம்.

மண்டபத்தில்

சடங்கு திருக்கடையூர்க் கோயிலில் நடக்கிறது என்றால் வீடியோவை அங்கே போட இடமிருக்காது. சாப்பாட்டு மண்டபத்துக்கோ ஊர் திரும்பியபின் மாலை வரவேற்புக்கோ வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்திலேயே சடங்கு என்றால், மாங்கல்யதாரணம் முடிந்து ஆசீர்வாத வரிசை தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். வரிசை தொடங்கிவிட்டால் திரையை யாரும் பார்க்கமாட்டார்கள். வாத்தியாரிடமும் நாதஸ்வரக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும்.

கோப்பை MP4 ஆக, 1920 x 1080 அளவில் எடுத்து, மடிக்கணினியில் ஒன்றும் பென்டிரைவில் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்திலிருந்து நேராக ஓட்டுவதை நம்பாதீர்கள், முகூர்த்த நாளில் மண்டபத்தில் சிக்னல் எப்படி இருக்கும் என்று தெரியும். முந்தின நாள் மாலையே திரையில் இணைத்து, கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து அத்தையின் முப்பது சொல்லும் புரிகிறதா என்று கேளுங்கள். புரியவில்லை என்றால் அன்றிரவே பேச்சைத் தமிழில் எழுத்தாகத் திரையின் அடியில் சேர்த்துவிடலாம்; நான்கு நிமிட வீடியோவுக்கு அது ஒன்றிரண்டு மணி நேர வேலை. மடிக்கணினியின் அறிவிப்புகளை அணைத்துவையுங்கள், இல்லாவிட்டால் சமையல்காரருக்குப் பாக்கி எவ்வளவு என்ற செய்தி பெரிய திரையில் எல்லாருக்கும் தெரியும்.

விழா முடிந்ததும் குரூப்பில் வீடியோவைக் கேட்பார்கள். நான்கு நிமிடத்தைக் குரூப்பில் போடுங்கள். அத்தையின் இரண்டு நிமிடம் நாற்பது நொடி முழுதையும் அப்பாவுக்குத் தனியாக அனுப்புங்கள். பக்கத்து வீட்டில் அந்த வருடம் குடியிருந்தது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.